எந்தப் பதிவுக்கு எந்த எண்: சேமிப்பு, பகிர்வு, கிளிக்

கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களைத் தன் சொந்த இணையதளத்தில் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு பதிவுகள் போடுகிறார். முதலாவது, நோட்டின் முதுகுத் தையல் ஏன் பிரிந்துபோகிறது, வாங்கும்போதே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படம் படமாக விளக்கும் பதிவு. இரண்டாவது, புதிதாகத் தைத்த ஒரு நோட்டை அறிமுகப்படுத்தி, வாங்குவதற்கான இணைப்பையும் ஒட்டிப் போட்ட ஸ்டோரி.

வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார். விளக்கப் பதிவு 8,000 பேரைச் சென்றடைந்திருக்கிறது. 210 பேர் லைக் போட்டிருக்கிறார்கள், 320 பேர் சேமித்து வைத்திருக்கிறார்கள், 144 பேர் மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு இணையதளத்துக்கு வந்தவர்கள் 11 பேர்தான். ஒரு நோட்டுகூட விற்கவில்லை. ஸ்டோரியைப் பார்த்தவர்கள் 2,400 பேர். பகிர்ந்தவர்கள் 4 பேர். இணைப்பைத் தட்டியவர்கள் 120 பேர். விற்றது 6 நோட்டு. (இவை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். ஆனால் இந்த மாதிரியான இரட்டை நிலையைச் சிறு கணக்கு நடத்தும் யாரும் உடனே அடையாளம் காண்பார்கள்.)

இரண்டில் எது நன்றாகப் போனது? இந்தக் கேள்விக்கு இப்படியே பதில் சொல்ல முடியாது. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் முதல் பதிவைப் பாராட்டுவார்கள். அல்லது விற்பனை இல்லை என்று அதைக் கைவிட்டு, நாள்தோறும் இணைப்பு ஒட்டிய ஸ்டோரிகளாகவே போடத் தொடங்குவார்கள். இரண்டுமே கேட்டை உண்டாக்கும். முதல் பதிவின் வேலை, அவரை அறியாதவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்துவது. இரண்டாவதன் வேலை, ஏற்கெனவே அறிந்தவர்களை வாங்கும் இடத்துக்கு அழைத்துவருவது. வேலை வேறானால் அளவுகோலும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

எந்த எண்ணை எதற்கு எடுப்பது என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் செய்த செயல் இருக்கிறது. அந்தச் செயலைச் செய்யும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று கேட்டாலே போதும்.

லைக் போட அரை நொடி போதும். நண்பர் என்பதற்காகப் போடுவார்கள், படம் அழகாக இருக்கிறது என்று போடுவார்கள், பழக்கத்தால் விரல் தானாகத் தட்டிவிடும். அதில் பொருள் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சேமிப்பு அப்படியல்ல. இன்ஸ்டாகிராம் இந்த வசதியை 2016 டிசம்பரில் கொண்டுவந்தது. ஒருவர் ஒரு பதிவைச் சேமித்தால், ‘இது எனக்குப் பிறகு தேவைப்படும்’ என்று அவர் முடிவெடுத்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் தனக்காகவே செய்யும் செயல் என்பதால், அதில் முகத்துக்காகச் செய்வது குறைவு. பகிர்வு இன்னும் ஒரு படி மேலே. ‘இது உனக்குத் தேவைப்படும்’ என்று இன்னொருவரை நினைத்து அனுப்புகிறார். அனுப்பியது பயனற்றதாக இருந்தால் அனுப்பியவருக்குத்தான் குறை. ஆகவே கொஞ்சம் யோசித்துத்தான் அனுப்புவார்கள்.

அறிமுகம் என்ற நோக்கத்துக்குப் பகிர்வு ஏன் பொருந்துகிறது என்பது இதிலேயே விளங்கும். உங்களைத் தெரியாத ஒருவரின் கைக்கு, அவர் நம்பும் ஒருவர் வழியாக உங்கள் பதிவு போய்ச் சேர்கிறது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில், ஒரு பதிவை யாருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பதில் பார்க்கும் நேரம், லைக், பகிர்வு ஆகிய மூன்றும் முக்கியமானவை என்று விளக்கினார். ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் லைக் சற்றுக் கூடுதலாகவும், பின்தொடராதவர்களிடம் கொண்டு சேர்ப்பதில் பகிர்வு கூடுதலாகவும் எடைபெறும் என்பது அவர் சொன்னதன் சாரம். புதியவர்களை எட்ட விரும்புகிறவர் பகிர்வைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

இணைப்பைத் தட்டுவது முற்றிலும் வேறு வகைச் செயல். பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தைவிட்டு வெளியேறத் துணிகிறார். அடுத்து வரவிருந்த பத்துப் பதிவுகளை விட்டுவிட்டு, தெரியாத ஒரு பக்கம் திறக்கும்வரை காத்திருக்கிறார். வாங்கும் எண்ணமோ குறைந்தபட்சம் ‘விலை என்ன’ என்ற கேள்வியோ இல்லாதவர் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை. அதனால் விற்பனையை நோக்கிய பதிவுக்குக் கிளிக் பொருத்தமான முதல் எண். கடைசி எண் அதுவல்ல. அந்த வேறுபாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் நோட்டுக்காரரின் முதல் பதிவுக்கு 11 பேர்தான் இணையதளத்துக்கு வந்தார்கள் என்பதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவின் கீழே எழுதும் வாசகத்தில் இணைப்பை ஒட்டினால், அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தட்டினால் திறக்காது. பார்ப்பவர் முகப்புப் பக்கத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பைத் தேடித் தட்ட வேண்டும். ஸ்டோரியிலோ இணைப்பு ஸ்டிக்கரை ஒரே தட்டில் திறக்கலாம். 2021 அக்டோபரிலிருந்து அந்த ஸ்டிக்கர் எல்லாக் கணக்குகளுக்கும் கிடைக்கிறது. ஆக, 11 கிளிக் என்பது பதிவின் தோல்வி அல்ல; அந்த வடிவத்தின் அமைப்பு. கதவே இல்லாத சுவரில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று எண்ணுவதைப் போன்றது அது. ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்தச் செயலைச் செய்ய அந்த இடத்தில் வழி இருக்கிறதா என்று ஒருமுறை நீங்களே தட்டிப் பார்த்துவிடுங்கள்.

வகுக்கும் எண்

320 சேமிப்பு என்று சொன்னால் அது அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை பேர் பார்த்ததில் 320 என்று கேட்க வேண்டும். இங்கே மூன்று எண்கள் குழப்பம் தரும். பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை ஒன்று. பார்வைகளின் எண்ணிக்கை ஒன்று. சென்றடைந்தவர்களின் எண்ணிக்கை ஒன்று. பார்வைகள் என்பதில் ஒரே ஆள் நான்கு முறை பார்த்தால் நான்கு என்று ஏறும். சென்றடைந்தவர்கள் என்பதில் அவர் ஒருவராகவே நிற்பார். பின்தொடர்பவர்களில் பலர் உங்கள் பதிவைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். பார்த்தவர்களில் பலர் உங்களைப் பின்தொடரவே மாட்டார்கள். ஆகவே நான் எப்போதும் சென்றடைந்தவர்களின் எண்ணிக்கையால்தான் வகுக்கச் சொல்வேன். 320ஐ 8,000ஆல் வகுத்தால் 4 சதவீதம். 144ஐ வகுத்தால் 1.8 சதவீதம்.

சரி, 1.8 சதவீதப் பகிர்வு நல்லதா? இணையத்தில் தேடினால் இத்தனை சதவீதம் இருந்தால் நல்லது என்று ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய கணக்கு எதைப் பற்றியது, எத்தனை பேர் பார்ப்பது, எப்படி வகுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஒப்பிட வேண்டியது உங்களுடைய பழைய பதிவுகளோடுதான். அதிலும் சராசரியைப் பார்க்காமல் நடு எண்ணைப் பாருங்கள். நோட்டுக்காரரின் முந்தைய ஒன்பது விளக்கப் பதிவுகளின் பகிர்வுச் சதவீதத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 0.3, 0.4, 0.4, 0.5, 0.6, 0.6, 0.7, 0.9, 5.0. கடைசியில் இருக்கும் 5.0 எப்படியோ பரவிவிட்ட ஒரு பதிவு. சராசரி எடுத்தால் 1.04 வரும். நடுவில் நிற்பது 0.6. நாளை 0.8 சதவீதம் வாங்கும் ஒரு பதிவு வந்தால், சராசரி அதைச் சரிவு என்று சொல்லும். ஆனால் ஒன்பதில் ஏழு பதிவுகளைவிட அது மேலானது. பரவிப்போன ஒரே ஒரு பதிவு, அதற்குப் பின் வரும் நல்ல பதிவுகளை எல்லாம் மட்டமாகக் காட்டிவிடும். அதனால் மனம் தளர்ந்து நல்ல பாதையைக் கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

நடு எண் 0.6 என்னும்போது, 1.8 என்பது மூன்று மடங்கு. அந்த விளக்கப் பதிவு தன் வேலையை மிக நன்றாகச் செய்திருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். சென்றடைந்த 8,000 பேரில் பின்தொடராதவர்கள் எத்தனை? இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பக்கம் இதைப் பிரித்துக் காட்டும். 62 சதவீதம் என்றால் ஏறக்குறைய 5,000 புதியவர்கள் பார்த்திருக்கிறார்கள், அறிமுகம் நடந்திருக்கிறது. அதுவே 10 சதவீதம் என்றால், எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய முகங்களையே மறுபடியும் பார்த்திருக்கிறோம். அதுவும் நல்லதுதான். ஆனால் அதற்கு அறிமுகம் என்று பெயர் வைக்கக்கூடாது.

பகிர்வுக்கு ஒரு குறை உண்டு. எதற்காகப் பகிர்ந்தார்கள் என்பதை அது சொல்லாது. கேலி செய்யவும் பகிர்வார்கள், ‘இவர் சொல்வது தவறு’ என்று காட்டவும் பகிர்வார்கள். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் முதலில் கருத்துகளைப் படியுங்கள். சேமிப்புக்கும் குறை உண்டு. சேமித்ததைத் திரும்பித் திறந்து பார்க்காதவர்கள் ஏராளம். அதனால்தான் அறிமுகப் பதிவுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சேமிப்பு ஏறிப் பகிர்வு ஏறவில்லை என்றால், பதிவு பயனுள்ளது, ஆனால் இன்னொருவரை நினைவுபடுத்தவில்லை. பகிர்வு ஏறிச் சேமிப்பு ஏறவில்லை என்றால், அது அந்த நேரத்து வியப்போ சிரிப்போ. நாளை நினைவில் நிற்காமல் போகலாம்.

கிளிக்குக்குப் பின்னால்

இப்போது விற்பனைப் பக்கம். மூன்றாவது பதிவாக இன்னொரு ஸ்டோரியைச் சேர்த்துக்கொள்வோம். ஸ்டோரிக்கு 120 கிளிக் கிடைத்ததில் மகிழ்ந்த நோட்டுக்காரர், கிளிக்கை இன்னும் ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறார். அடுத்த வாரம் துணியால் மூடிய ஒரு பொருளைப் படம் எடுத்து, ‘உள்ளே என்ன? தட்டிப் பாருங்கள்’ என்று போடுகிறார். 2,600 பேர் பார்த்தார்கள். 390 பேர் தட்டினார்கள். மூன்று மடங்குக்கும் மேல்! விற்றதோ ஒரே ஒரு நோட்டு.

என்ன நடந்தது என்பதை அறியக் கிளிக்கிலிருந்து விற்பனைவரை உள்ள படிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் ஸ்டோரியில் 120 பேர் தட்டினார்கள். பக்கம் முழுதாகத் திறந்தது 100 பேருக்கு. கூடையில் சேர்த்தவர்கள் 15 பேர். பணம் கட்டியவர்கள் 6 பேர். மூடிய பொருளின் ஸ்டோரியில் 390 பேர் தட்டினார்கள்; 300 பேருக்குப் பக்கம் திறந்தது; கூடையில் சேர்த்தவர்கள் 4 பேர்; பணம் கட்டியவர் ஒருவர்.

தட்டியதற்கும் பக்கம் திறந்ததற்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். தவறித் தட்டியவர்கள் இருப்பார்கள், பக்கம் திறக்கத் தாமதமானதும் பின்வாங்கியவர்கள் இருப்பார்கள். இரண்டு ஸ்டோரிகளிலும் அந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே கோளாறு அங்கே இல்லை. இதுவே பாதிப் பேர் அந்த இடத்தில் காணாமல் போயிருந்தால், பக்கத்தில் உள்ள படங்கள் கனமாக இருந்து திறக்கத் தாமதமாகிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். வேறுபாடு அடுத்த படியில்தான் வருகிறது. முதல் ஸ்டோரியில் பக்கத்தைப் பார்த்த நூறு பேரில் 15 பேர் கூடைக்குப் போனார்கள். இரண்டாவதில் நூறுக்கு ஒருவர், ஒன்றரைப் பேர். வந்தவர்கள் நோட்டைத் தேடி வரவில்லை. துணிக்குள் என்ன என்று பார்க்க வந்தார்கள். பார்த்ததும் அவர்களுடைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. போய்விட்டார்கள்.

கிளிக் என்ற எண்ணை இலக்காக வைத்தவுடன், கிளிக்கை மட்டும் ஏற்றும் வழிகள் நம் கைக்கு வந்துவிடுகின்றன. பெரிய நிறுவனங்களுக்கும் இதே அனுபவம் உண்டு. யூடியூப் ஒரு காலத்தில் எத்தனை பேர் தட்டிப் பார்த்தார்கள் என்பதை வைத்தே வீடியோக்களைப் பரிந்துரைத்துவந்தது. விளைவாக, உள்ளே இல்லாததை வெளியே காட்டும் முகப்புப் படங்கள் பெருகின. 2012இல் அது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற அளவுக்கு மாறியது. தட்டுவதற்கும் தட்டிய பிறகு மனம் நிறைவதற்கும் இடையே உள்ள தூரத்தை அந்த மாற்றம் கணக்கில் எடுத்தது. நம் நோட்டுக்காரரும் அதையேதான் செய்ய வேண்டும்: கிளிக்கோடு, அடுத்த படியான கூடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் விற்பனையை மட்டுமே பார்த்தால் போதாதா, கிளிக் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறு அளவில் விற்பவருக்கு விற்பனை எண் மிகச் சிறியது. ஒரு வாரம் 6, மறுவாரம் 3 என்றால், பாதியாகக் குறைந்தது என்று பதற்றப்படத் தோன்றும். ஆனால் அத்தனை சிறிய எண்கள் காரணமே இல்லாமல் இப்படி ஏறி இறங்கும். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பாருங்கள். ஏழு தலை விழுந்தால் நாணயம் பழுது என்று யாரும் சொல்வதில்லை. அதுபோல, 6க்கும் 3க்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து எந்தப் பதிவு சிறந்தது என்று முடிவெடுக்கக்கூடாது. 120 கிளிக்கும் 60 கிளிக்கும் என்றால் வேறுபாட்டை நம்பலாம். எனவே வாராவாரம் ஒப்பிடக் கிளிக்கையும் கூடையையும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை விற்பனையைக் கூட்டிப் பார்த்து, கிளிக் ஏறிய மாதத்தில் விற்பனையும் ஏறியதா என்று சரிபாருங்கள். அந்த உறவு அறுந்துபோனால், மூடிய பொருளின் ஸ்டோரியைப் போல ஏதோ ஒன்று கிளிக்கைப் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறது.

எந்த ஸ்டோரியிலிருந்து யார் வந்தார்கள் என்று இணையதளத்துக்கு எப்படித் தெரியும்? இணைப்பின் வாலில் சில சொற்களை ஒட்டிவிட்டால் தெரிந்துவிடும். கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகள் அவற்றைப் படித்துப் பிரித்துக் காட்டும்.

```
https://example.com/notebook?utm_source=instagram&utm_medium=social&utm_campaign=new_notebook&utm_content=story_1
```

முதல் சொல் எந்தத் தளத்திலிருந்து, இரண்டாவது எந்த வகை வழியில், மூன்றாவது எந்த முயற்சிக்காக, நான்காவது எந்தப் பதிவு. மூடிய பொருளின் ஸ்டோரிக்குக் கடைசியில் `story_2` என்று மாற்றினால் போதும்; இரண்டும் தனித்தனியாகக் கணக்கில் நிற்கும். இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். எப்போதும் சிறிய எழுத்துகளிலேயே எழுதுங்கள். `Instagram` என்றும் `instagram` என்றும் கலந்து எழுதினால் கருவி அவற்றை இரண்டு வேறு இடங்களாகப் பிரித்துவிடும். உங்கள் இணையதளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் இணைப்புகளில் இந்த வாலை ஒட்டாதீர்கள். ஒட்டினால் அவர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற தடம் குழம்பி, உங்கள் தளமே உங்களுக்கு ஆள் அனுப்பியதாகக் கணக்கு காட்டும்.

பணம் கொடுத்து விளம்பரம் செய்யும்போது இந்தத் தேர்வின் எடை இன்னும் கூடுகிறது. இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் விளம்பரக் கருவி தொடக்கத்திலேயே நோக்கம் என்ன என்று கேட்கும்: அறிமுகம், வருகை, ஈடுபாடு, வாடிக்கையாளர் விவரம் சேகரிப்பு, செயலிக்கான விளம்பரம், விற்பனை என்று ஆறு. இது வெறும் படிவம் அல்ல, கட்டளை. வருகை என்று தேர்ந்தெடுத்தால், இணைப்பைத் தட்டும் பழக்கமுள்ளவர்களைத் தேடிக் காட்டும். அவர்கள் வாங்குவார்களா என்பது அதன் கவலை அல்ல. மலிவாகக் கிளிக் கிடைக்கிறது என்று மகிழ்ந்துகொண்டே பணத்தைத் தீர்த்துவிடலாம். அங்கே கிளிக் என்ற பெயரிலேயே இரண்டு எண்கள் இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று எல்லாக் கிளிக்குகளும். அதில் லைக் போட்டது, பெயரைத் தட்டி முகப்புப் பக்கம் பார்த்தது எல்லாம் அடங்கும். மற்றொன்று இணைப்புக் கிளிக் மட்டும். நான் விளம்பரங்களைக் கவனிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு சிறு பயிற்சி வகுப்புக்கு முதல் எண்ணை எடுத்துக்கொண்டு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். வகுப்பு நடத்தியவர் தன் தளத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று கேட்டார். அன்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றதிலிருந்து, எந்த எண்ணை எடுத்தாலும் அது எதையெல்லாம் சேர்த்து எண்ணுகிறது என்ற விளக்கத்தைப் படிக்காமல் நான் பயன்படுத்துவதில்லை.

அறிமுகம் விற்பனையாக மாறுவதை எப்படிப் பார்ப்பது

இவ்வளவும் சொன்ன பிறகு, முதல் பதிவைப் பற்றி நோட்டுக்காரர் மனதில் ஒரு கேள்வி மிஞ்சியிருக்கும். அறிமுகம் சரி, ஆனால் அது என்றைக்காவது ஒரு நோட்டை விற்றதா?

ஒருவர் திங்கட்கிழமை அந்தப் பதிவைச் சேமிக்கிறார். மூன்று வாரம் கழித்துப் பழைய நோட்டின் முதுகு பிரிந்துபோகிறது. அந்தப் பதிவு நினைவுக்கு வருகிறது. நோட்டுக்காரரின் பெயரைக் கூகுளில் தேடி, நேராகத் தளத்துக்கு வந்து வாங்குகிறார். கணக்கில் இது கூகுள் தேடலால் வந்த விற்பனை என்று நிற்கும். இன்னொருவருக்குத் தோழி அந்தத் தளத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். அவர் வாங்கினால், எங்கிருந்தும் வராமல் தானாக முகவரியைத் தட்டி வந்தவராகப் பெரும்பாலும் பதிவாகும். தனிச்செய்திகளில் நடக்கும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத போக்குவரத்துக்கு அலெக்சிஸ் மாட்ரிகல் என்ற பத்திரிகையாளர் 2012இல் ‘இருண்ட சமூக ஊடகம்’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். அந்தப் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதைத் துல்லியமாக அளக்க வழியில்லை. ஆனால் சாடையாகத் தெரிந்துகொள்ள எளிய வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, கூகுளில் என்ன தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில், உங்கள் பெயரையே அல்லது உங்கள் தயாரிப்பின் பெயரையே தட்டித் தேடி வந்தவர்கள் மாதத்துக்கு எத்தனை பேர் என்று பார்ப்பது. பொதுவாக ‘நோட்டுப் புத்தகம்’ என்று தேடுபவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் பெயரைத் தேடுபவருக்கு யாரோ, ஏதோ, முன்பே அறிமுகம் செய்துவைத்திருக்கிறார்கள். விளக்கப் பதிவுகள் நன்றாகப் பரவிய மாதத்துக்குப் பிந்தைய மாதங்களில் இந்த எண் மெல்ல ஏறினால், அறிமுகம் வேர்பிடிக்கிறது என்று பொருள். மற்றொன்று இன்னும் எளியது. வாங்குபவரிடம் கேட்டுவிடுவது. பணம் கட்டி முடித்த பக்கத்தில் ‘எங்களைப் பற்றி முதன்முதலில் எங்கே தெரிந்துகொண்டீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி, பதிலை அவரே எழுதும்படி ஒரு கட்டம். பட்டியல் கொடுத்தால் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போவார்கள். எழுதச் சொன்னால் ‘தையல் பிரிவதைப் பற்றி நீங்கள் போட்ட படம்’ என்று எழுதுவார்கள். எல்லோரும் எழுதமாட்டார்கள். எழுதும் சிலரின் வார்த்தைகளே உங்கள் கிளிக் கணக்கில் விடுபட்டதைக் காட்டிவிடும். இந்தக் கட்டத்தை வைக்காதவர்களிடம் நான் மறுபடியும் மறுபடியும் மன்றாடியிருக்கிறேன். அவ்வளவு பயன் அதில்.

இந்த எண்களை ஒவ்வொரு நாளும் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் அதன் கிளிக்கை மறுநாளே எடுத்துவிடலாம். விளக்கப் பதிவின் சேமிப்பும் பகிர்வும் நாட்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் எல்லா விளக்கப் பதிவுகளையும் போட்டு ஏழாவது நாளில் பார்ப்பது என்று ஒரு நாளை நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். நேற்றுப் போட்டதையும் போன மாதம் போட்டதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் புதியது எப்போதும் தோற்கும்.

இன்னொரு பழக்கத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். பதிவு போடும் முன்பே அதன் நோக்கத்தையும், பார்க்கப்போகும் எண்ணையும் எழுதிவைத்துவிட வேண்டும். பதிவு போட்ட பிறகு எண்ணைத் தேடினால், எது உயர்ந்து நிற்கிறதோ அதையே நோக்கம் என்று மனம் சொல்லிவிடும். விற்பதற்காகப் போட்ட பதிவு விற்காமல் 300 லைக் வாங்கினால், ‘அறிமுகத்துக்காகத்தானே போட்டோம்’ என்று ஆறுதல் தேடுவோம். ஒரே பதிவில் இரண்டு நோக்கத்தையும் ஏற்றினாலும் இதே கதைதான். தையல் பிரிவதை அக்கறையாக விளக்கிவிட்டுக் கடைசிப் படத்தில் ‘இன்றே வாங்குங்கள்’ என்று முடித்தால், அதைத் தோழிக்கு அனுப்ப நினைத்தவருக்கு விளம்பரத்தை அனுப்புவதைப் போலத் தோன்றும், பகிர்வு குறையும். வாங்க வந்தவரோ கடைசிப் படம்வரை போகமாட்டார்.

நோட்டுக்காரர் அடுத்த வாரத்துக்காகத் தான் தைத்த நோட்டிலேயே இப்படி எழுதிக்கொள்கிறார். செவ்வாய்: எந்தத் தாளில் மை ஊறும் என்ற விளக்கப் பதிவு, நோக்கம் அறிமுகம், பார்ப்பது பகிர்வும் சேமிப்பும், பகிர்வு 0.6 சதவீதத்தைத் தாண்டினால் நன்று, பின்தொடராதவர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அடுத்த செவ்வாய் பார்ப்பேன். வெள்ளி: கோடு போடாத நோட்டின் ஸ்டோரி, நோக்கம் விற்பனை, பார்ப்பது இணைப்புக் கிளிக்கும் கூடையும், பக்கம் திறந்த நூறு பேரில் பத்துப் பேராவது கூடைக்குப் போக வேண்டும், சனிக்கிழமை மாலை பார்ப்பேன். லைக் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.